ஐந்து மாதமா, ஐந்து ஆண்டா? மறுக்கப்பட்ட மருத்துவ கிளெய்முக்கு மேல்முறையீடு எழுதும் முறை

மருத்துவக் காப்பீட்டு கிளெய்ம் மறுக்கப்படும்போது காப்பீட்டு நிறுவனம் பாலிசிதாரருக்கு ஒரு மறுப்புக் கடிதம் அனுப்புகிறது. பெரும்பாலும் அது ஒரு பக்கம்கூட இருக்காது. நோயாளியின் பெயர், கிளெய்ம் எண், சேர்க்கப்பட்ட தேதி, பிறகு பாலிசியின் ஏதோ ஒரு விதியைச் சுட்டும் நான்கைந்து வரிகள், கடைசியில் ‘வருந்துகிறோம்’. மேல்முறையீடு என்பது அந்த நான்கைந்து வரிகளுக்கான பதில். நிறுவனம் எந்த விதியைச் சுட்டியதோ அந்த விதியின் சொற்களையும், மருத்துவமனை ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘இந்த விதி இங்கே பொருந்தாது’ என்று காட்டுவதே அதன் வேலை.

மறுப்புக்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. அவற்றில் அடிக்கடி வருவதும், ஆவணங்களைக் கொண்டு நேராகப் பதில் சொல்லக்கூடியதும் ஒன்று உண்டு. ‘பாலிசி எடுப்பதற்கு முன்பே இந்த நோய் இருந்தது, அதைச் சொல்லாமல் மறைத்துவிட்டார்’ என்பது அது. இதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்பதை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம்.

எடுத்துக்காட்டு

ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் 48 வயதுக்காரர் ஒருவர் 2025 ஜனவரி 10 அன்று 5 லட்சம் ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு எடுக்கிறார். பாலிசி தருவதற்கு முன், டிசம்பர் 27 அன்று, நிறுவனமே தன் பட்டியலில் உள்ள ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அவரை அனுப்பிச் சோதிக்கிறது. அன்று அவருடைய ரத்த அழுத்தம் 126/80. அதே ஆண்டு ஜூன் 14 அன்று தலைசுற்றல் வந்து குடும்ப மருத்துவரிடம் போகிறார். அழுத்தம் 158/100. முதன்முறையாக ஆம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரை எழுதித் தரப்படுகிறது.

நவம்பர் 20 அதிகாலை 1.40 மணிக்கு நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவில் சேர்க்கப்படுகிறார். மாரடைப்பு. ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஒரு ஸ்டென்ட் வைக்கிறார்கள். 23-ஆம் தேதி வீடு திரும்புகிறார். பில் 2,38,400 ரூபாய். கேஷ்லெஸ் வசதி 21-ஆம் தேதியே மறுக்கப்பட்டுவிட்டதால் முழுத்தொகையையும் கையிலிருந்து கட்டிவிட்டு, டிசம்பர் 5 அன்று ரீஇம்பர்ஸ்மென்ட் கிளெய்ம் போடுகிறார். 2026 ஜனவரி 2 தேதியிட்ட மறுப்புக் கடிதம் வருகிறது. அதன் சாரம் இது: ‘டிஸ்சார்ஜ் சம்மரியின்படி காப்பீடு பெற்றவருக்கு 5 ஆண்டுகளாக உயர் ரத்த அழுத்தம் உள்ளது. இது பாலிசிக்கு முற்பட்டது. முன்மொழிவுப் படிவத்தில் தெரிவிக்கப்படவில்லை. ஆகவே Excl01 விதியின்படியும், உண்மை மறைப்பு விதியின்படியும் கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது.’

கேஷ்லெஸ் மறுப்பையும் கிளெய்ம் மறுப்பையும் பலர் ஒன்றாக நினைத்து அங்கேயே விட்டுவிடுகிறார்கள். கேஷ்லெஸ் மறுக்கப்பட்டால், மருத்துவமனைக்கு நிறுவனம் நேரடியாகப் பணம் கட்டாது என்று மட்டுமே பொருள். பில்லைக் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. மேல்முறையீட்டுக்கு உரிய மறுப்பு, அந்தக் கிளெய்முக்குப் பிறகு வரும் எழுத்துப்பூர்வமான மறுப்பு. அதுவும் காப்பீட்டு நிறுவனத்தின் முடிவாக இருக்க வேண்டும். இடையில் கோப்புகளைக் கையாளும் டி.பி.ஏ. நிறுவனத்தின் கடிதம் மட்டும் கையில் இருந்தால், இறுதி முடிவை எழுத்தில் தரும்படி காப்பீட்டு நிறுவனத்தையே கேட்க வேண்டும்.

மறுப்புக் கடிதத்தைப் படிப்பது

முதல் வேலை, கடிதத்தைச் சொல்லுக்குச் சொல் படிப்பது. இந்திய காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே 29 அன்று வெளியிட்ட மருத்துவக் காப்பீட்டுத் தலைமைச் சுற்றறிக்கை இதில் இரண்டு கடமைகளை நிறுவனங்களுக்கு விதித்திருக்கிறது. ஒரு கிளெய்மை மறுப்பதானால் நிறுவனத்துக்குள் இருக்கும் கிளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மறுப்பைத் தெரிவிக்கும்போது பாலிசியின் எந்த விதியின்படி மறுக்கப்படுகிறது என்பதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். ‘நிபந்தனைகளின்படி ஏற்கத்தக்கதல்ல’ என்று பொத்தாம் பொதுவாக ஒரு கடிதம் வந்தால், விதி எண்ணையும், எந்த ஆவணத்தை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதையும் கேட்டு எழுதுவதே முதல் கடிதமாக இருக்க வேண்டும்.

சொல்லப்பட்ட காரணத்தில் நிறுவனமும் கட்டுப்பட்டுப் போகிறது. மறுப்புக் கடிதத்தில் இல்லாத காரணத்தைப் பிறகு வழக்கு நடக்கும்போது புதிதாக எடுத்துவைக்க முடியாது என்று 2019-இல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அது மருத்துவக் காப்பீட்டு வழக்கு அல்ல என்றாலும், அந்தக் கொள்கை எல்லாக் காப்பீட்டுக்கும் பொதுவானது. எனவே கடிதமும் அது வந்த உறையும் அல்லது மின்னஞ்சலும் பத்திரமாக இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டில் நிறுவனம் சொன்னது மூன்று கூற்றுகள். நோய் 5 ஆண்டுப் பழமையானது, அது முன்பே இருந்த நோய், அது மறைக்கப்பட்டது. இரண்டாவதும் மூன்றாவதும் முதல் கூற்றின் மேல் நிற்கின்றன. ‘5 ஆண்டு’ தவறு என்று காட்டிவிட்டால் மற்ற இரண்டுக்கும் நிற்க இடமில்லை.

விதியின் சொற்கள்

இந்தியாவில் விற்கப்படும் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் முக்கியமான விலக்குகளின் வாசகம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது. ஆணையமே வாசகத்தை வகுத்து, எண் கொடுத்திருக்கிறது. Excl01 என்பது முன்பே இருந்த நோய்களுக்கான விலக்கு. Excl02, குறிப்பிட்ட சில நோய்களுக்கான காத்திருப்புக் காலம். Excl03, பாலிசி தொடங்கிய முதல் 30 நாட்களுக்கானது. பாலிசிப் புத்தகத்தில் இந்த எண்களைத் தேடினால் உரிய பத்தி கிடைத்துவிடும்.

Excl01 சொல்வது இது: முன்பே இருந்த நோய்க்கும் அதன் நேரடியான பின்விளைவுகளுக்கும் ஆகும் சிகிச்சைச் செலவு, முதல் பாலிசி தொடங்கியதிலிருந்து குறிப்பிட்ட மாதங்கள் தொடர்ச்சியாக முடியும்வரை தரப்படாது. அந்தக் காலம் 36 மாதங்களுக்கு மேல் போகக்கூடாது என்பது 2024-இல் வந்த மாற்றம். அதற்கு முன் 48 மாதம் வரை இருந்தது.

‘முன்பே இருந்த நோய்’ என்றால் என்ன என்பதைப் பாலிசியின் வரையறைப் பகுதி சொல்கிறது. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் ஒரு மருத்துவர் கண்டறிந்த நோய், அல்லது அந்த 36 மாதங்களுக்குள் மருத்துவர் ஆலோசனையோ சிகிச்சையோ பரிந்துரைத்த அல்லது அளித்த நோய். இந்த வரையறையின் உயிர் ‘மருத்துவர்’ என்ற சொல்லில் இருக்கிறது. உடலுக்குள் நோய் எப்போது தொடங்கியிருக்கும் என்ற ஊகத்துக்கு இதில் இடமில்லை. மருத்துவர் எப்போது கண்டறிந்தார், எப்போது சிகிச்சை தந்தார் என்பதே கேள்வி. ‘ஒரே நாளில் அடைப்பு வந்திருக்காது, பல ஆண்டுகளாக இருந்திருக்கும்’ என்று நிறுவனத்தின் மருத்துவர் எழுதினால், இந்த வரையறையை எடுத்துக்காட்டியே அதற்குப் பதில் சொல்லலாம்.

ஜவுளிக்கடைக்காரருக்குப் பாலிசி தொடங்கியது 2025 ஜனவரி 10. பின்னோக்கி 36 மாதம் எண்ணினால் 2022 ஜனவரி 10. இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் ரத்த அழுத்தத்துக்காக மருத்துவர் எழுதிய ஒரு சீட்டாவது உண்டா என்பதுதான் வழக்கின் மொத்தச் சாரம். அவருடைய முதல் சீட்டு 2025 ஜூன் 14. பாலிசி தொடங்கி ஐந்து மாதம் கழித்து.

‘5 ஆண்டு’ எங்கிருந்து வந்தது?

டிஸ்சார்ஜ் சம்மரி என்பது சிகிச்சை முடிந்த பிறகு பழைய குறிப்புகளிலிருந்து தொகுத்து எழுதப்படும் சுருக்கம். அதில் ஒரு தவறு இருந்தால் அதன் ஊற்று வேறு எங்கோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்க மருத்துவமனையின் முழு கேஸ் ஷீட்டும் வேண்டும். அவசரப் பிரிவுக் குறிப்பு, சேர்க்கையின்போது எழுதிய நோய் வரலாறு, மருத்துவர்களின் தினசரிக் குறிப்பு, செவிலியர் பதிவேடு, மருந்து அட்டவணை, காப்பீட்டுக்காக மருத்துவமனை அனுப்பிய முன்அனுமதிப் படிவம், நிறுவனம் கேட்ட கேள்விகளும் மருத்துவமனை அளித்த பதில்களும் எல்லாம் இதில் அடங்கும்.

இவற்றைக் கேட்பது நோயாளியின் உரிமை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள், உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்றும், நோயாளியோ அவர் அனுமதித்த உறவினரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் சொல்கின்றன. மருத்துவமனையின் ஆவணப் பிரிவுக்கு ஒரு பக்க மனு எழுதி, நகலில் பெற்றதற்கான கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும். ‘இன்சூரன்ஸ் கம்பெனி கேட்டால் தருவோம்’ என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவது நடக்கக்கூடியது. எழுத்தில் மனு இருந்தால் அந்தப் பதில் செல்லாது.

எடுத்துக்காட்டில் கேஸ் ஷீட் கைக்கு வந்ததும் முடிச்சு அவிழ்கிறது. அதிகாலையில் பணியில் இருந்த மருத்துவர் அவசரப் பிரிவுக் குறிப்பில் உயர் ரத்த அழுத்தத்தின் சுருக்கெழுத்துக்குப் பக்கத்தில் ‘× 5/12’ என்று எழுதியிருக்கிறார். மருத்துவர்களின் வழக்கில் பன்னிரண்டின் மேல் எழுதும் எண் மாதத்தைக் குறிக்கும். 5/12 என்றால் ஐந்து மாதம். ஏழின் மேல் எழுதினால் நாள், ஐம்பத்திரண்டின் மேல் எழுதினால் வாரம். ஜூன் 14-இலிருந்து நவம்பர் 20 வரை எண்ணினாலும் ஐந்து மாதம்தான் வருகிறது.

முன்அனுமதிப் படிவத்தில் நாட்பட்ட நோய்கள் ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘எந்த மாதம், எந்த ஆண்டிலிருந்து’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பியவர் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுண்டரில் இருந்த ஊழியர். அவர் 5/12 என்பதை 5 ஆண்டு என்று எழுதிவிட்டார். அதைப் பார்த்துத்தான் கேஷ்லெஸ் மறுக்கப்பட்டது. அதே வாசகம் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் தட்டச்சானது. ஒரே தவறு இரண்டு ஆவணங்களில் வந்ததால், நிறுவனத்தின் கண்ணுக்கு அது இரண்டு சாட்சியாகத் தெரிந்தது.

எல்லாத் தவறும் இப்படிச் சுருக்கெழுத்தில் பிறப்பதில்லை. பதற்றத்தோடு ஓடிவந்த மகன் ‘அப்பாவுக்கு ரொம்ப நாளா பிரஷர் இருக்கு’ என்று சொல்லியிருக்கலாம். பணியில் இருந்தவர் அதற்கு ஓர் எண்ணைப் போட்டிருக்கலாம். அப்படியானால் யார் சொல்லி எழுதினார்கள் என்ற குறிப்பு கேஸ் ஷீட்டில் இருக்கிறதா, நோயாளி நினைவோடு இருந்தாரா, மறுநாள் இதயநோய் நிபுணர் எழுதிய வரலாற்றில் வேறு காலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேஸ் ஷீட்டிற்குள்ளேயே இரண்டு விதமான காலம் இருந்தால், அந்த முரண்பாடே நிறுவனத்தின் முடிவை ஆட்டம் காண வைக்கும்.

சான்றுகளைச் சேர்ப்பது

இனி வேண்டியது ‘ஐந்து மாதம்’ என்பதற்கான சான்று. எடுத்துக்காட்டில் அதற்கு நான்கு ஆவணங்கள் கிடைக்கின்றன. அவற்றின் எடை ஒன்றுக்கொன்று வேறு.

மிகக் கனமானது, பாலிசிக்கு முன் நிறுவனமே செய்வித்த பரிசோதனை அறிக்கை. 126/80 என்ற அளவு நிறுவனத்தின் சொந்தக் கோப்பில் இருப்பதால் அதை நிறுவனம் மறுக்க முடியாது. ஒரே ஒரு நாளின் அளவு, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே சோதனைக்குப் போயிருந்தாலும் இப்படித்தான் இருக்கும் என்று வாதிட முடியும். அதனால் இது தனியாக நிற்கப் போதாது. மற்றவற்றோடு சேரும்போது வலுப்பெறும். இந்த அறிக்கையின் நகலையும், முன்மொழிவுப் படிவத்தின் நகலையும் நிறுவனத்திடம் கேட்டுப் பெற வேண்டும். படிவத்தில் உண்மையில் என்ன கேள்வி கேட்கப்பட்டது, என்ன பதில் எழுதப்பட்டது என்று பார்க்காமல் ‘மறைக்கவில்லை’ என்று எழுதுவது இருட்டில் கல் எறிவதுபோல. ஏஜென்ட் நிரப்பிக் கையெழுத்து மட்டும் வாங்கிய படிவங்களில் எதிர்பாராத பதில்கள் இருக்கும்.

இரண்டாவது, குடும்ப மருத்துவரின் 2025 ஜூன் 14 தேதியிட்ட சீட்டு. அதில் அன்றைய அளவு, ‘புதிதாகக் கண்டறியப்பட்டது’ என்ற குறிப்பு, தொடக்க அளவு மாத்திரை ஆகிய மூன்றும் இருந்தால் வலு அதிகம். மூன்றாவது, ஜூனிலிருந்து தொடங்கும் மருந்துக்கடை பில்கள். நான்காவது, ஆஞ்சியோபிளாஸ்டி செய்த நிபுணரின் சான்றிதழ்.

இந்தச் சான்றிதழில்தான் பலர் தவறு செய்கிறார்கள். மருத்துவமனைக்குப் போய் டிஸ்சார்ஜ் சம்மரியையே திருத்தி, பழைய தேதியில் புதிதாக அச்சடித்து வாங்கி வருகிறார்கள். நிறுவனத்திடம் பழைய பிரதி ஏற்கெனவே இருக்கிறது. ஒரே தேதியில் இரண்டு விதமான சம்மரி என்றால் அது மோசடி போலத் தோன்றும்; நேர்மையான வழக்கும் கெட்டுப்போகும். சரியான வழி, பழைய சம்மரியைத் தொடாமல், இன்றைய தேதியில் தனியாக ஒரு விளக்கச் சான்றிதழ் பெறுவது. ‘அவசரப் பிரிவுக் குறிப்பில் 5/12 என்று உள்ளது; அது ஐந்து மாதத்தைக் குறிக்கும்; டிஸ்சார்ஜ் சம்மரியில் 5 ஆண்டு என்று வந்தது தட்டச்சுப் பிழை’ என்று காரணத்தோடு எழுதி, பெயர், பதிவு எண், முத்திரையோடு மருத்துவர் கையெழுத்திட வேண்டும். காரணம் சொல்லாமல் ‘நோயாளிக்கு ஐந்து மாதமாகவே ரத்த அழுத்தம் உள்ளது’ என்று மட்டும் எழுதினால், பின்னால் யோசித்து வாங்கிய சான்றிதழ் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

இடையில் நிறுவனத்தின் விசாரணையாளர் வீட்டுக்கு வருவதுண்டு. அவரிடம் தரும் வாக்குமூலமும் ஆவணமாகிவிடும். வெற்றுத் தாளிலோ, படித்துப் பார்க்காத தாளிலோ கையெழுத்துப் போடக் கூடாது. எழுதிக் கொடுத்ததைப் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

கடிதம்

மேல்முறையீடு போக வேண்டிய இடம், காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி. அவருடைய முகவரியும் மின்னஞ்சலும் பாலிசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களிலும் நிறுவனத்தின் இணையதளத்திலும் இருக்கும். மின்னஞ்சலில் அனுப்பி, அதே கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் அனுப்பினால் பின்னால் தேதி குறித்துச் சச்சரவு வராது.

கடிதம் இரண்டு பக்கத்துக்குள் இருப்பது நல்லது. தலைப்பில் பாலிசி எண், கிளெய்ம் எண், மறுப்புக் கடிதத்தின் தேதி. அடுத்து, மறுப்புக்கு நிறுவனம் சொன்ன காரணம் அதன் சொற்களிலேயே. பிறகு நடந்தவை தேதி வரிசையில். அதன்பின் விதிக்கு விதி பதில். கடைசியில் கோரிக்கையும் இணைப்புப் பட்டியலும். கட்டிய பிரீமியம், பட்ட வேதனை, நிறுவனத்தின் மீதான கோபம் ஆகியவற்றுக்கு இதில் வேலை இல்லை. அதைப் படிக்கும் அதிகாரி தேடுவது, முந்தைய முடிவை மாற்றக் கோப்பில் வைக்கத்தக்க ஒரு தாள்.

எடுத்துக்காட்டின் மையப் பத்தி இப்படி அமையலாம்:

‘தங்கள் கடிதம் டிஸ்சார்ஜ் சம்மரியின் “5 ஆண்டு” என்ற ஒரு வரியை மட்டுமே ஆதாரமாகக் காட்டுகிறது. அந்த வரிக்கு மூலமான அவசரப் பிரிவுக் குறிப்பில் (இணைப்பு 3, பக்கம் 2) உள்ளது “5/12”, அதாவது ஐந்து மாதம். சிகிச்சையளித்த நிபுணர் இதை உறுதிசெய்துள்ளார் (இணைப்பு 4). ரத்த அழுத்தம் முதலில் கண்டறியப்பட்டது 14.6.2025 அன்று (இணைப்பு 5). பாலிசி தொடங்கியது 10.1.2025. தங்கள் பரிசோதனைக் கூடம் 27.12.2024 அன்று பதிவுசெய்த அளவு 126/80 (இணைப்பு 6). ஆகவே பாலிசியின் வரையறைப்படி இது முன்பே இருந்த நோய் அல்ல, Excl01 பொருந்தாது. பாலிசி எடுத்த நாளில் இல்லாத நோயைத் தெரிவிக்கும் கடமை எழாததால் உண்மை மறைப்பு விதியும் பொருந்தாது.’

இந்தப் பத்தியில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு தாள் இருக்கிறது; தாளின் எண்ணும் இருக்கிறது. தாள் காட்ட முடியாத வாக்கியம் எதுவும் இல்லை.

மாற்று வாதமும் சேர்க்கலாம், ஆனால் அதற்கு இடம் பிறகுதான். ‘ஒருவேளை ரத்த அழுத்தம் முன்பே இருந்ததாகக் கொண்டாலும், மாரடைப்பு அதன் நேரடிப் பின்விளைவு என்று எந்த மருத்துவர் அறிக்கையும் காட்டப்படவில்லை, விலக்கு விதி பொருந்தும் என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது’ என்பது அந்த வாதம். இதை முதலில் வைத்தால், நோய் முன்பே இருந்ததை ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிடும். ரத்த அழுத்தத்துக்கும் இதயநோய்க்கும் மருத்துவத் தொடர்பு உண்டு என்பதால் இதய சிகிச்சையில் இந்த வாதம் பலவீனமானதும்கூட. டெங்குவுக்கோ எலும்பு முறிவுக்கோ சேர்ந்தவரின் கிளெய்ம், ரத்த அழுத்தத்தைக் காரணம் காட்டி Excl01 விதியில் மறுக்கப்பட்டிருந்தால் இதே வாதம்தான் முதலிடத்துக்கு வரும்.

கோரிக்கை குறிப்பாக இருக்க வேண்டும். பில் 2,38,400 ரூபாய் என்றாலும், கையுறை, பதிவுக் கட்டணம் போன்ற தராத இனங்கள் அதில் 6,900 ரூபாய் இருந்தால், கேட்க வேண்டியது 2,31,500 ரூபாய். பாலிசியில் அறை வாடகை வரம்போ இணைப் பங்களிப்போ இருந்தால் அதையும் கழித்துக் காட்டலாம். தாமதத்துக்கு வங்கி விகிதத்தோடு 2 சதவீதம் சேர்த்த வட்டியைக் கேட்கவும் விதிகளில் இடம் உண்டு.

எது நிற்காது?

உண்மையிலேயே நோய் முன்பு இருந்து, படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதப்பட்டிருந்தால் மேல்முறையீடு பெரும்பாலும் தோற்கும். நீண்டகாலச் சர்க்கரை நோயையும் சிறுநீரகச் செயலிழப்பையும் சொல்லாமல் எடுத்த மருத்துவக் காப்பீட்டில், கிளெய்மை மறுத்தது சரிதான் என்று 2009-இல் சத்வந்த் கௌர் சந்து வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காப்பீட்டு ஒப்பந்தம் இரு தரப்பின் முழு நேர்மையின் மேல் நிற்பது என்பதே அதன் அடிப்படை.

அதே நேர்மை நிறுவனத்துக்கும் பொருந்தும் என்று சொன்னது 2021 டிசம்பரில் வந்த மன்மோகன் நந்தா தீர்ப்பு. வெளிநாட்டுப் பயணத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்த அவர் தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதைத் தெரிவித்திருந்தார். அமெரிக்காவில் மாரடைப்பு வந்து ஆஞ்சியோபிளாஸ்டி ஆனபோது, கொழுப்பு குறைக்கும் மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்று நிறுவனம் மறுத்தது. உடல்நிலையை அறிந்து, மதிப்பிட்டு, பாலிசி கொடுத்த பிறகு, அதே உடல்நிலையைக் காட்டிக் கிளெய்மை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பாலிசிக்கு முன் மருத்துவப் பரிசோதனை நடந்த வழக்குகளில் இந்தத் தீர்ப்பைச் சுட்டுவது பயன் தரும்.

பழைய பாலிசிகளுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. தொடர்ந்து 60 மாதங்கள் புதுப்பித்து வந்த பாலிசியில், நிரூபிக்கப்பட்ட மோசடி இருந்தாலொழிய, ‘உண்மையை மறைத்தார்’ என்று சொல்லிக் கிளெய்மை மறுக்க முடியாது. அப்படிப்பட்டவரின் கடிதத்தில் முதல் வரியே இதுவாக இருக்க வேண்டும். நோயின் காலத்தைப் பற்றி வாதாடவே தேவையில்லை.

காரணம் வேறானால் தேட வேண்டிய தாளும் வேறாகும். ‘பரிசோதனைக்காக மட்டுமே சேர்க்கப்பட்டார்’ என்று Excl04 விதியில் மறுக்கப்பட்டால், நரம்பு வழியாக ஏற்றிய மருந்துகளின் அட்டவணையும், ஏன் சேர்க்க நேர்ந்தது என்ற மருத்துவரின் சேர்க்கைக் குறிப்பும் பேச வேண்டும். 24 மணி நேரம் தங்கவில்லை என்று மறுக்கப்பட்டால், சேர்த்த நேரமும் வெளியேறிய நேரமும், அது பகல்நேரச் சிகிச்சைகளில் அடங்குமா என்பதும் பேச வேண்டும்.

நிறுவனம் மறுபடியும் மறுத்தால்

குறைதீர்ப்பு அதிகாரி இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் (bimabharosa.irdai.gov.in) புகாரைப் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். அங்கே பதிந்தாலும் பதில் சொல்லப்போவது அதே நிறுவனம்தான். ஆணையம் அதைக் கண்காணிக்குமே தவிர, தீர்ப்பு வழங்காது.

தீர்ப்பு வழங்கும் அதிகாரம் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனுக்கு உண்டு. தமிழ்நாட்டுக்கு உரிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. நிறுவனத்துக்கு எழுதி அது மறுத்திருக்க வேண்டும், அல்லது ஒரு மாதம் ஆகியும் பதில் தராமல் இருந்திருக்க வேண்டும், அல்லது பதில் நிறைவளிக்காமல் இருக்க வேண்டும். அதிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். கேட்கும் தொகை 50 லட்சம் ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் ஆஜராக முடியாது. குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதிய கடிதமும் இணைப்புகளுமே இங்கும் வழக்குக் கட்டு. தேவையான ஆவணங்கள் எல்லாம் வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வர வேண்டும். வந்த 30 நாட்களுக்குள் நிறுவனம் அதை நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றாத நிறுவனம் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் பாலிசிதாரருக்குத் தர வேண்டும் என்று 2024 சுற்றறிக்கை சொல்கிறது.

ஆம்பட்ஸ்மேனின் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். பாலிசிதாரர் அதை ஏற்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே காலக்கெடு இரண்டு ஆண்டு. ஆனால் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ ஏற்கெனவே வழக்கு இருந்தால் ஆம்பட்ஸ்மேன் அதே புகாரை எடுத்துக்கொள்ள மாட்டார். அதனால் எளியதும் செலவில்லாததுமான வாசலை முதலில் தட்டுவதே முறை.

இவ்வளவு கடிதப் போக்குவரத்துக்கும் காரணமானது ஒரு கட்டத்தில் எழுதிய ஓர் எண். மருத்துவமனையில் முன்அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது ‘எந்த மாதம், எந்த ஆண்டிலிருந்து’ என்ற கட்டத்தையும், வீடு திரும்பும் நாளில் டிஸ்சார்ஜ் சம்மரியின் ‘முந்தைய நோய் வரலாறு’ என்ற வரியையும் குடும்பத்தில் ஒருவர் படித்துப் பாருங்கள். தவறு இருந்தால் சம்மரியைக் கையில் வாங்கும் முன்பே சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். அன்று அது ஐந்து நிமிட வேலை.